முதல் விற்பனையைப் பெற்றுக்கொண்டவர்

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கடந்த எட்டு வருஷத்தில் இந்த ஊரில் திறக்கப்பட்ட கடைகளில் பாதியை அவர்தான் திறந்துவைத்தார் என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் ஒரு கடையின் வாசற்படியையும் அவர் மிதித்ததில்லை. ஷட்டருக்கு வர்ணம் காய்வதற்குள்ளேயே, கடை கோலாகலமாகத் திறக்கப்பட்டது, வாடிக்கையாளர்கள் ஆர்வத்துடன் திரண்டனர் என்று இரண்டாம் மாடி அறையில் உட்கார்ந்து எழுதி முடித்திருப்பார். உள்ளூர் நாளிதழ்களுக்குப் போகும் பத்திரிகைச் செய்தி எழுதித் தருவது அவர் தொழில்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் உள்ளூர் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருந்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர் 'முதல்பாரா'. புதிதாகச் சேர்பவர்களிடம் அவர் சொல்லும் ஒரே பாடம் அது: யார், என்ன, எங்கே, எப்போது, எல்லாம் முதல் பாராவில் வந்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் பக்கம் போடுகிறவர் கீழேயிருந்துதான் வெட்டுவார். படிக்க மாட்டார். படித்தால் மனசு வராது. ஆகவே கடைசி பாரா என்பது, இருந்தாலும் சரி போனாலும் சரி என்கிற சாமான்களைப் போட்டுவைக்கும் பரண்.

கல்யாணம் நடக்கவில்லை. அதை ஒரு செய்தியாக யாரும் பொருட்படுத்தவில்லை, அவர் உட்பட. அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, வாரத்தில் நான்கு நாள் மட்டும் உழைக்கும் ஒரு பிரிண்டர். போன் அடித்தால் அது வேலையாகத்தான் இருக்கும். கடைக்காரர்கள் பேசியதாக வரும் வாசகங்களை அவரே எழுதி, அவரே உரக்கச் சொல்லிப் பார்ப்பார். "எங்கள் வாடிக்கையாளர்களே எங்கள் குடும்பம்" என்று வெற்று அறையைப் பார்த்து ஒரு பெண் சொல்வதை எதிர்வீட்டுக்காரர்கள் பல முறை கேட்டிருக்கிறார்கள். போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள்.

பண்டிகை வாரத்துத் திங்கட்கிழமை செருப்புக்கடைக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கடைவீதியில் ஏற்கெனவே ஒரு கடை. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு இரண்டாவது.

"அக்கா, வெள்ளிக்கிழமை பேப்பர்ல வந்தே ஆகணும். பண்டிகை அன்னைக்கு எல்லாரும் வீட்ல உக்காந்து பேப்பர் படிப்பாங்க."

"படிப்பாங்க. ஆனா போடுவாங்களா? அன்னைக்குப் பக்கம் பூரா விளம்பரம். செய்திக்கு நிக்கக்கூட இடம் கிடைக்காது. வியாழன் மத்தியானமே உள்ளூர்ப் பக்கத்தை மூடிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. சனிக்கிழமை பேப்பரே கிடையாது."

"அப்ப என்ன பண்றது?"

"புதன் நாலு மணிக்குள்ள செய்தி மேசைக்குப் போயிடணும். நாளைக்குத் திறக்கப் போற கடையை நேத்தே திறந்தாச்சுன்னு எழுதி, மேல 'வெள்ளிக்கிழமை இதழுக்கு'ன்னு போட்டு அனுப்புவோம். நீங்க சொன்ன நேரத்துக்குத் திறந்துட்டா அது உண்மை."

"திறக்கலைன்னா?"

"திறக்காம எங்க போவீங்க?"

கடைக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வேறொரு சிக்கல் இருந்தது. முதல் விற்பனையைப் பெற்றுக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

நகைக்கடையாக இருந்தால் வரிசையில் நிற்பார்கள். புத்தகக் கடைக்குத் தலைமையாசிரியர் வருவார், இனிப்புக் கடைக்குச் சர்க்கரை நோய் மருத்துவரே வருவார். செருப்புக்கடைக்காரர் ஒரு வாரமாகப் பெரிய மனிதர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், விஷயத்தைச் சொன்னதும் அன்றைக்கு ஊரில் இல்லாமல் போனார்கள். கேமரா முன்னால் நின்று இன்னொருவன் கையிலிருந்து செருப்பு வாங்கிக்கொள்ள எந்தப் பிரமுகருக்கும் துணிச்சல் இல்லை. மறுநாள் ஊரே, "பேப்பர்லயே செருப்பு வாங்கிட்டாரப்பா" என்று சொல்லும்.

"ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தர் பெல்ட்டுன்னா வாங்கிக்கறேன்னாரு. நான் பெல்ட்டு விக்கலியே அக்கா."

"ஷூன்னு எழுதிக்கலாம். அது கொஞ்சம் கௌரவம்."

"ஆளு?"

முதல்பாரா பேனாவை மூடி வைத்தார். "முதல்ல செய்தி என்னன்னு சொல்லுங்க. கடை திறந்தீங்கங்கறது செய்தி இல்ல, அதுக்கு விளம்பரப் பிரிவுக்குப் போங்கன்னு திருப்பிடுவாங்க. இந்தக் கடையில புதுசா என்ன இருக்கு?"

கடைக்காரர் யோசித்தார். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு மெத்தென்ற அடிப்பாகம் வைத்த ஷூ ஒரு அலமாரி முழுக்க வாங்கிவைத்திருந்தார். இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து கொடுக்க ஓர் ஆளையும் போட்டிருந்தார், ஏனென்றால் அநேகருக்கு இரண்டு காலும் ஒரே அளவில்லை.

"இதுதான் செய்தி," என்றார் முதல்பாரா. "இதை ஏன் கடைசியில சொல்றீங்க?"

"அப்படின்னா நின்னு வேலை செய்யற ஆளாப் பாத்து முதல் விற்பனை குடுத்திடலாமே! ஒரு நர்ஸ் மாதிரி. உங்க சொந்தத்துல யாரும் இல்லையா அக்கா?"

சாதாரணக் கேள்விதான். முதல்பாராவின் தம்பி மனைவி, ஊரின் பெரிய மருத்துவமனையில் இருபது வருஷமாக நர்ஸ். தம்பி வீட்டோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

"பாக்கறேன்," என்றார் முதல்பாரா.

சண்டை ஒரு பாராவால் வந்தது. அம்மா இறந்தபோது அவர் நாளிதழில் வேலையில் இருந்தார். காசு கட்டி இரங்கல் விளம்பரம் போட்டிருந்தால் ஒரு புள்ளியைக்கூட எவரும் தொட்டிருக்க முடியாது. ஆனால் ஊழியர் வீட்டுத் துக்கத்துக்கு இலவசமாகவே செய்தி போடுவார்கள். இலவசத்துக்குக் கத்தரியும் உண்டு. அவரே எழுதினார். வயது, இறந்த நேரம், மகள், மகன் எல்லாம் முதல் பாராவில். படுக்கையில் கிடந்த கடைசி ஆறு மாதமும் வேலைக்குப் போய்வந்து, இரவெல்லாம் விழித்து, அம்மாவைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைத்தவர் மருமகள் என்பது கடைசி பாராவில், பெயரோடு. அன்று மாலை ஒரு விளம்பரம் வந்தது. பக்கம் போடுகிறவர் கீழேயிருந்து வெட்டினார்.

மறுநாள் துக்க வீட்டில், வந்தவர்கள் எல்லோரும் பேப்பரைக் கையில் வைத்திருந்தார்கள். தம்பி மனைவி படித்துவிட்டு மடித்து வைத்தார். "பேஜ் போடறவர் வெட்டிட்டாரு," என்று முதல்பாரா சொன்னார். அது நிஜம். அதற்கப்புறம் தம்பி வீட்டிலிருந்து போன் வரவில்லை. இவரும் ஒன்பது வருஷமாக அந்த நிஜத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தம்பி மனைவிதான் தொட்டாற்சுருங்கி என்று முடிவு கட்டியிருந்தார். எது கடைசியில் போகும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர் என்பது மட்டும் அந்த முடிவில் எங்கேயும் இடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செய்தியை எழுதினார். தம்பி மனைவியின் பெயர், முதலெழுத்தோடு, முதல் பாராவின் இரண்டாம் வரியில் நின்றது: இருபது ஆண்டுகளாக நோயாளிகளுக்காக நின்றபடியே பணியாற்றிவரும் செவிலியர் இன்னார் முதல் விற்பனையைப் பெற்றுக்கொண்டார். எவன் வெட்டினாலும் அங்கே கத்தரி போகாது. தொழில் முறைப்படி சரியான தேர்வு, செய்திக்கும் ஆளுக்கும் அப்படியொரு பொருத்தம் என்று தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

பேச வாய் வரவில்லை. நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே ஒரு வரி: "வியாழன் பத்தரை மணி. உன் சம்மதம் வேண்டும்." ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அனுப்பும் கடிதம் ஒரு பத்திரிகைச் செய்தியாக இருப்பது விநோதம்தான். ஆனால் வேறு மாதிரி எழுத அவருக்குக் கை பழகியிருக்கவில்லை.

இரவு ஒன்பதுக்கு, படித்தாயிற்று என்று காட்டும் இரண்டு கோடுகளும் நீலமாயின. பதில் இல்லை.

புதன்கிழமை எதிர்வீட்டுக்குப் பண்டிகைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து, குவியல் வழிந்து, ஒரு குழந்தைச் செருப்பு அவருடைய வாசல் வரை வந்து கிடந்தது. அதை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். அவர் வாசலில் ஒரு ஜோடி, சுவரோரம், எப்போதும் போல.

செருப்புக்கடைக்காரர் தன் வாசகத்துக்குச் சம்மதம் சொல்ல போன் செய்தார். "கால் வலிக்காம ஒருத்தர் வீடு போய்ச் சேர்ந்தா அதுதான் எனக்கு லாபம்னு போட்டிருக்கீங்க. நான் இவ்வளவு அழகா பேசுவேனா அக்கா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து பேசுவீங்க. மனப்பாடம் பண்ணிக்குங்க, நிருபர் யாராவது கேட்டா முழிக்காதீங்க."

மூன்றே முக்கால் ஆயிற்று. போனில் அதே நீலக் கோடுகள்.

சம்மதம் இல்லாமல் ஒருவர் பெயரைச் செய்தியில் போடக் கூடாது. எத்தனையோ கடைக்காரர்களைத் திட்டி அனுப்பியிருக்கிறார். 'அவர் வேணாம்னு சொல்லலையே' என்று ஒருவர் வாதாடியபோது, 'வேணும்னு சொன்னாரா?' என்று மடக்கியவரும் அவரே. இப்போது தம்பி மனைவியும் வேண்டாமென்று சொல்லவில்லை. முள் மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்தபோது ஒரு வழி கண்டுபிடித்தார். செய்தியின் அடியில் ஒரு மாற்றுப் பாரா சேர்த்து, அதன் மேலே எழுதினார்: "ஆசிரியர் கவனத்துக்கு: வியாழன் பதினொன்றரைக்குள் போனில் உறுதி செய்கிறேன். இல்லையென்றால் முதல் பாராவுக்குப் பதில் இதைப் பயன்படுத்தவும்." அதில் எவர் பெயரும் இல்லை. அனுப்பினார். மேசையில் இருக்கும் பழைய சகாவுக்கு போன் செய்து சொன்னார். அவர் குள்ளமானவர், எல்லோருக்கும் 'பொடி'.

"சரிக்கா," என்றார் பொடி.

வியாழக்கிழமை முதல்முறையாக முதல்பாரா தான் எழுதிய கடை ஒன்றின் வாசற்படியை மிதித்தார். ஷட்டரில் வர்ண வாடை. வாசலில் பலூன் வளைவு. உள்ளே கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், உதடு அசைய, தன் வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். முன்னால் மேசையில் ஒரு வெள்ளை ஷூ ஜோடி தயாராக இருந்தது.

பத்தரை. பத்து நாற்பது. தெருவில் பண்டிகைக்குச் சாமான் வாங்கும் கூட்டம் முட்டி மோதிக்கொண்டு போயிற்று. நர்ஸ் உடுப்பிலோ சாதாரண உடையிலோ அந்த முகம் வருகிறதா என்று முதல்பாரா பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்பது வருஷத்தில் முகம் மாறியிருந்தால் அடையாளம் தெரியுமா என்ற சந்தேகம் பத்து ஐம்பதுக்கு வந்தது.

"அக்கா, நேரம் தப்புது," என்றார் கடைக்காரர்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலோடு உள்ளே வந்தார். அவர் கையெழுத்து கேட்க, கடைக்காரர் அவருடைய காலைப் பார்த்தார். இடது செருப்பின் வார் கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

"உக்காருங்கண்ணே. நீங்கதான் முதல் வாடிக்கையாளர். பாதி விலை."

"நான் தபால் குடுக்க வந்தேங்க."

"குடுத்துட்டீங்க இல்ல, இப்ப வாங்கிக்குங்க."

அளந்து பார்த்ததில் அவருக்கு இடது கால் அரை சைஸ் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் செருப்பைத்தான் சந்தேகித்தேன் என்றார் தபால்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். முதல்பாராவும் தட்டினார்.

பதினொன்று இருபதுக்கு வெளியே வந்து பொடிக்கு போன் செய்தார். "அந்தப் பேர் வேணாம். மாத்துப் பாரா போட்டுடு."

"சரிக்கா."

வீட்டுக்கு நடந்தார். எதிர்வீட்டில் உள்ளேயிருந்து நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் பேசும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை பேப்பரை அவர் நின்றபடியே பிரித்தார். உள்ளூர்ப் பக்கத்தில் முக்கால்வாசி மெத்தை விளம்பரம். மீதியில், கீழ் மூலையில், ஒரே ஒரு பாராவாக அவர் செய்தி. அதன் இரண்டாம் வரியில் தம்பி மனைவியின் பெயர், முதலெழுத்தோடு.

பொடி மூன்றாவது முயற்சியில் போனை எடுத்தார். பின்னால் குழந்தைகளின் சத்தம். "மாத்துப் பாராவைத் தேடினேன்கா, பக்கத்துல இல்ல. காலையில மெத்தை விளம்பரம் வந்திருக்கு, பேஜ் போடறவர் கீழேயிருந்து வெட்டிட்டாரு. நீங்க போன் பண்ணப்பவே பக்கம் அச்சுப் பிளேட்டுக்குப் போயிட்டிருந்துது."

"அப்புறம் ஏன் சரின்ன?"

"எப்பவும் சரின்னுதானக்கா சொல்லுவேன்," என்றார் பொடி வருத்தமாக.

நாளை பேப்பர் கிடையாது. திருத்தம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். தம்பி மனைவி படிக்குமுன் தானே கூப்பிடலாம் என்று எண்ணைத் தேடி எடுத்து, பெருவிரலை மேலே வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் அந்த எண்ணே அடித்தது.

"அண்ணி, நான்தான்."

குரல் மாறவில்லை. "சொல்லும்மா," என்றார் முதல்பாரா.

"பேப்பர் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நேத்து பத்தரை மணிக்கு நான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சிட்டு நிக்கறேன். பேப்பர்ல பாத்தா கடையில நின்னு செருப்பு வாங்கறேன். டியூட்டி நேரத்துல எங்கடி போனேன்னு ஹெட் நர்ஸ் பண்டிகை நாளும் அதுவுமா போன் பண்றாங்க. வார்டு குரூப்புல ஆளாளுக்கு ஷூவைக் காட்டு காட்டுன்னு ஒரே கூத்து."

"ம்."

"ஒன்பது வருஷம் கழிச்சு கூப்பிடறீங்க, செருப்பு குடுக்கறேன்னு! அதை உங்க தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். பதில் எழுதலாமா வேணாமான்னு பாத்துட்டிருக்கறதுக்குள்ள நீங்களே எழுதிட்டீங்க."

முதல்பாரா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"என்ன, இந்த முறையும் பேஜ் போடறவர் வெட்டிட்டாரா?"

குத்தலாகத்தான் கேட்டது. குத்தலுக்குப் பதில் கையோடு இருந்தது, நிஜமும்கூட. முதல்பாரா அந்த நிஜத்தை ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தார்.

"வெட்டினாரு. ஆனா உன் பேர் இல்லாத பாராவைக் கடைசியில வச்சது நான்தான். உன் சம்மதம் இல்லாம பேரை அனுப்புனதும் நான்தான். அன்னைக்கும் நான்தான். வெட்டுவாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் உன்னைக் கடைசியில போட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. யாரோ அம்மா என்று கூப்பிட்டார்கள். தம்பி மனைவி வரேன் என்று அங்கே சொன்னார்.

"ஆறு மாசம் அண்ணி," என்றார் இங்கே.

"தெரியும்மா."

"ஹெட் நர்ஸுக்கு என்ன சொல்ல?"

"நான் லெட்டர் எழுதி இன்னைக்கே கொண்டு குடுக்கறேன், தப்பு என்னுதுன்னு. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல திருத்தம் வரும். எழுதி உனக்கு அனுப்பறேன். பாத்துட்டு நீ சரின்னு சொன்னாத்தான் அவங்களுக்குப் போகும்."

"ம்," என்று போன் வைக்கப்பட்டது.

அவர் உட்கார்ந்து எழுதினார். வெள்ளிக்கிழமை இதழில் வெளியான காலணிக் கடைத் திறப்புச் செய்தியில், செவிலியர் இன்னார் முதல் விற்பனையைப் பெற்றுக்கொண்டதாகக் கூறப்பட்டது தவறு; அந்நேரத்தில் அவர் மருத்துவமனையில் பணியில் இருந்தார்; பிழை செய்தியை அனுப்பியவருடையது. மூன்று வரி. கீழே வெட்ட ஒன்றுமில்லை. மருத்துவமனைக் கடிதத்தையும் அதே சூட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்தார். திருத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

செருப்புக்கடைக்காரர் இடையில் கூப்பிட்டார். மகிழ்ச்சியில் கத்தினார். காலையிலிருந்து எட்டுப் பேர் 'நர்ஸ் ஷூ' கேட்டு வந்தார்களாம். "ஞாயித்துக்கிழமை திருத்தம் வரும், பயப்படாதீங்க," என்று முதல்பாரா சொன்னதற்கு, "எதுக்கு பயம்? கடை பேரு ரெண்டாவது வாட்டி வருதுல்ல?" என்றார்.

பதினொரு மணிக்குக் கோடுகள் நீலமாயின. ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "மருத்துவமனை வேண்டாம். பணியில் இருந்தார் போதும்."

'மருத்துவமனையில்' என்பதை எடுத்தார். மறுபடி அனுப்பினார்.

"சரி."

அந்த ஒற்றைச் சொல்லை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருத்தத்தை நாளிதழுக்கு அனுப்பினார். வெளியே விருந்தாளிகள் செருப்புகளைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மாற்றிப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கும் சத்தம் கேட்டது. உறையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. மூன்று வரியையும் முதலிலிருந்து இன்னொரு முறை, நிதானமாக, எழுத்து எழுத்தாகப் படித்தார். தம்பி மனைவிக்கு மூன்றாவது முறை அனுப்பிச் சம்மதம் கேட்கச் சாக்காக, அதில் ஒரு பிழையும் மிச்சமிருக்கவில்லை.